மூன்றாவது கொட்டேஷன்

திருப்பூரில் நடுத்தர அளவுள்ள ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனி இ.ஆர்.பி. மென்பொருள் வாங்க முடிவெடுத்தால், கடைசியில் மேசைக்கு மூன்று கொட்டேஷன்கள் வந்து சேரும். பனியன் தொழிலுக்கென்றே எழுதிய உள்ளூர் மென்பொருள் ஒன்று. எல்லாத் தொழிலுக்கும் பொதுவான பெரிய மென்பொருளை இங்கே நிறுவித் தரும் கூட்டாளி நிறுவனத்தின் கொட்டேஷன் இன்னொன்று. மாத வாடகையில் இணையம் வழியே ஓடும் புதிய மென்பொருள் மூன்றாவது. கணக்குப் பிரிவில் இருப்பவர் எக்செல்லில் ஒரு அட்டவணை போடுவார். இடப்பக்கம் அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை, பிறகு மூவருக்கும் மதிப்பெண். எடையையும் மதிப்பெண்ணையும் பெருக்கிக் கூட்டினால் யாருக்கு அதிகமோ அவருக்கே ஆர்டர்.

கணக்கு இவ்வளவு எளிது என்பதால்தான் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. தோற்கப்போவது உறுதி என்று எல்லோருக்கும் தெரிந்த அந்த மூன்றாவது கொட்டேஷன் அட்டவணையில் இருந்தால் ஒருவர் ஜெயிக்கிறார், எடுத்துவிட்டால் இன்னொருவர் ஜெயிக்கிறார். எடையும் மாறவில்லை, முதல் இருவரின் தரமும் மாறவில்லை. இது எப்படி நடக்கிறது, இதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பற்றி முடிவெடுத்தல் துறையில் பல பத்தாண்டுகளாக விவாதம் நடந்திருக்கிறது. அந்த விவாதத்தை ஒரு பனியன் கம்பெனியின் கணக்கை வைத்தே பார்க்கலாம்.

எடை போட்டு முடிவெடுக்கும் யோசனை பழையது. 1772 செப்டம்பரில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் தன் நண்பர் ஜோசப் ப்ரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், தாளை இரண்டாகப் பிரித்துச் சாதகங்களை ஒரு பக்கமும் பாதகங்களை மறுபக்கமும் எழுதி, சம எடை உள்ளவற்றை அடித்துக்கொண்டே வரச் சொல்கிறார். எஞ்சுவது எந்தப் பக்கமோ அதுவே முடிவு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வார்ட் எட்வர்ட்ஸ் மதிப்பெண்ணும் எடையும் கொண்ட முறையை ஒழுங்குபடுத்தினார். தாமஸ் சாட்டி அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடையைக் கணக்கிடும் முறையை உருவாக்கினார். ஃப்ராங்க்ளினின் கடிதத்திலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. அவர் ஒரு காரணத்தைத் தனியே எடை போடவில்லை. எதிர்ப்பக்கத்தில் எதைக் கொடுத்தால் இது சரியாகும் என்றே பார்க்கிறார். இன்றைய எக்செல் அட்டவணைகள் பலவற்றில் காணாமல்போனது இந்தக் கேள்விதான்.

இனி கணக்கு. உள்ளூர் மென்பொருளை அ என்றும், பெரியதை ஆ என்றும், வாடகை மென்பொருளை இ என்றும் வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, ஆனால் இந்தத் தொழிலின் அளவுக்குள் அடங்குபவை. அளவுகோல்களை நான்கோடு நிறுத்துகிறேன். பலர் இருபது வரை போவார்கள். 'பயன்படுத்த எளிது', 'திரை தெளிவாக இருக்கிறது', 'பயிற்சி குறைவாகப் போதும்' என்று மூன்று வரி எழுதினால், ஒரே குணத்துக்கு மூன்று முறை மதிப்பெண் போகிறது. அதன் எடை யாரும் தீர்மானிக்காமலே மூன்று மடங்காகிவிடுகிறது.

செலவை 5 ஆண்டுக்குச் சேர்த்தே பார்க்க வேண்டும். கொட்டேஷனின் முதல் பக்கத்தில் இருக்கும் தொகை முதல் ஆண்டுக்கு மட்டுமே. அ முதல் ஆண்டில் உரிமம், நிறுவல், பழைய தரவை ஏற்றுதல் எல்லாம் சேர்த்து 22 லட்சம், பிறகு ஏ.எம்.சி. ஆண்டுக்கு 5 லட்சம். ஆக 42 லட்சம். ஆ முதல் ஆண்டு 32 லட்சம், பிறகு ஆண்டுக்கு 7 லட்சம். ஆக 60 லட்சம். இ ஆண்டுக்கு 6 லட்சம் வாடகை. ஆக 30 லட்சம்.

செலவை மதிப்பெண்ணாக மாற்ற வழக்கமான சூத்திரம், மிகக் குறைந்த விலைக்கு 100, மற்றவர்களுக்குக் குறைந்த விலையை அவரவர் விலையால் வகுத்து நூறால் பெருக்குவது. அரசுக் கொள்முதலில் பழகியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன் விதி 192, ஆலோசனைச் சேவைகளுக்குத் தரத்தையும் விலையையும் எடை போட்டுச் சேர்க்கும் முறைக்கு இடம் தருகிறது. அங்கே விலை மதிப்பெண்ணுக்கு இந்தச் சூத்திரம்தான் வழக்கம். தனியார் கம்பெனிகளும் அதையே எடுத்தாள்கின்றன. அப்படிப் போட்டால் அட்டவணை இப்படி வரும்:

| அளவுகோல் | எடை | அ | ஆ | இ |
|---|---|---|---|---|
| ஜாப் ஒர்க், துணிக் கணக்கு | 35 | 60 | 90 | 40 |
| 5 ஆண்டுச் செலவு | 30 | 71.4 | 50 | 100 |
| பழுது நேரத்து உதவி | 20 | 80 | 60 | 50 |
| ஆட்கள் பழகும் எளிமை | 15 | 60 | 70 | 80 |
| மொத்தம் | 100 | 67.4 | 69.0 | 66.0 |

எக்செல்லில் எடைகள் B நிரலிலும் அ-வின் மதிப்பெண்கள் C நிரலிலும் இருந்தால், மொத்தத்துக்கு ஒரே வரி போதும். அதை D, E நிரல்களுக்கும் இழுத்துவிடலாம்:

```
=SUMPRODUCT($B$2:$B$5,C2:C5)/100
```

ஆ ஜெயிக்கிறது. இப்போது இ-யைப் பற்றி ஒரு தகவல் வருகிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணியின் இருப்பை அது பார்ட்டி வாரியாகத்தான் காட்டும், சலான் வாரியாகக் காட்டாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி கேட்பார்கள். ஐ.டி.சி.-04 படிவத்திலும் விவரம் சலான் வாரியாகத்தான் போக வேண்டும். ஆகவே இ தகுதியே பெறவில்லை. அந்த நிரலை நீக்குகிறோம்.

நீக்கியதும் குறைந்த விலை 42 லட்சம் ஆகிறது. அ-வின் செலவு மதிப்பெண் 71.4-லிருந்து 100-க்கு ஏறுகிறது. ஆ-வுக்கு 50 என்றிருந்தது 70 ஆகிறது. மொத்தம் போட்டால் அ 76, ஆ 75. முடிவு தலைகீழாகிவிட்டது. அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையிலான 18 லட்சம் ரூபாய் வித்தியாசம், இ இருந்தபோது மொத்தத்தில் 6.4 புள்ளியாக எண்ணப்பட்டது. இ போனதும் அதே 18 லட்சம் 9 புள்ளியாகிவிட்டது. ரூபாய் மாறவில்லை, ரூபாயை அளந்த கோல் மாறியது.

இந்த வரிசை மாற்றம் கணக்குப் பிழையால் வருவதன்று. சாட்டியின் இரண்டிரண்டாக ஒப்பிடும் முறையிலும் இதுபோல நடக்கும் என்று 1983-இல் பெல்டனும் கியரும் ஓர் எளிய எடுத்துக்காட்டால் காட்டினார்கள். ஏற்கெனவே இருக்கும் ஒரு தேர்வைப் போலவே இன்னொன்றைச் சேர்த்தால், மற்றவற்றின் வரிசையே புரண்டுவிடுகிறது. அந்த முறையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பல ஆண்டுகள் மோதிக்கொண்ட இடம் இது. பொருளின் மதிப்பெண்ணை அங்கே வந்து சேர்ந்த மற்ற பொருள்களை வைத்தே நிர்ணயிக்கும் எந்த முறையிலும் இந்த அபாயம் உண்டு என்பதே என் எண்ணம். மூன்று பேரை வைத்து முடிவெடுக்கும்போது அபாயம் கூடுதல், ஏனென்றால் ஒருவர் போனாலே கோலின் ஒரு முனை போய்விடுகிறது.

இதற்கு அரசு நடைமுறை ஒரு பாதிப் பதில் வைத்திருக்கிறது. இரண்டு உறை முறையில் தொழில்நுட்பத் தகுதி பெற்றவர்களின் விலை உறையை மட்டுமே திறப்பார்கள். தகுதியற்றவரின் விலை கோலைத் தொடவே முடியாது. தனியார் கம்பெனிகளும் இதைப் பின்பற்ற வேண்டும். சலான் வாரி இருப்பு, விலகும் நாளில் எல்லாத் தரவையும் எக்செல்லாகத் தர ஒப்புதல் போன்ற கட்டாயங்களுக்கு மதிப்பெண்ணே போடக் கூடாது. உண்டா இல்லையா என்று முதலிலேயே கேட்டு, இல்லாதவரை வெளியே நிறுத்திவிட வேண்டும். கட்டாயத்துக்கு மதிப்பெண் போட்டால், மலிவான விலை அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். மேலே இ, சட்டப்படி தேவையான ஒன்று இல்லாமலே 66 புள்ளி வாங்கியதைப் பாருங்கள்.

ஆனால் இது பாதிதான். தகுதி பெற்ற மூவரில் ஒருவர் கடைசி நேரத்தில் விலகினாலும் இதே கதைதான். முழுப் பதில், கோலின் இரு முனைகளையும் கொட்டேஷன்கள் வருவதற்கு முன்பே நட்டுவிடுவது. 5 ஆண்டுக்கு 25 லட்சம் என்றால் 100, 65 லட்சம் என்றால் 0 என்று முதலாளியும் கணக்கரும் முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். அப்போது அ-வின் செலவு மதிப்பெண் 57.5, ஆ-வுக்கு 12.5. இ வந்தாலும் போனாலும் இந்த எண்கள் அசையாது.

அசையாத கோல் கிடைத்ததும் அடுத்த சிக்கல் எழுகிறது. பழைய எடைகளையே வைத்துக் கூட்டினால் அ 63.25, ஆ 57.75. அ இப்போது ஐந்தரைப் புள்ளி முந்துகிறது. செலவின் எடை 30 என்று எழுதியதை யாரும் தொடவில்லை. ஆனாலும் அந்த 18 லட்சம் இப்போது 13.5 புள்ளி பெறுகிறது.

இதை ரூபாயில் சொன்னால் இன்னும் தெளிவாகும். துணிக் கணக்கில் ஆ, அ-வைவிட 30 மதிப்பெண் அதிகம். 35 எடையில் அது 10.5 புள்ளி. மூன்று பேரும் இருந்த முதல் அட்டவணையில் அந்த 10.5 புள்ளியின் விலை ஏறக்குறைய 29 லட்சம் ரூபாய். இ-யை நீக்கிய அட்டவணையில் 21 லட்சம். நட்டுவைத்த கோலில் 14 லட்சம். '35, 30' என்ற எடைகள் மூன்றிலும் ஒன்றே. அவற்றின் பொருள் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிட்டது. கூட்டம் போட்டு 'எங்களுக்குத் துணிக் கணக்கு 35, செலவு 30' என்று முடிவு செய்தவர்கள், தாங்கள் உண்மையில் எதை ஒப்புக்கொண்டோம் என்று அறிந்திருக்க வழியே இல்லை.

எட்வர்ட்ஸும் அவர் வழி வந்தவர்களும் வற்புறுத்தியது இந்த இடத்தைத்தான். எடை என்பது ஓர் அளவுகோலின் முக்கியத்துவம் என்று நினைப்பது தவறு. அந்த அளவுகோலில் கீழ்முனையிலிருந்து மேல்முனைக்கு ஏறினால் கிடைக்கும் பலனே எடை. மூன்று மென்பொருளும் டேலிக்குக் கணக்கை ஒரே மாதிரி அனுப்புமானால், டேலி இணைப்பு எவ்வளவு முக்கியமானாலும் அதன் எடை பூஜ்யமே, ஏனென்றால் அது யாரையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே எடை கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும். 'துணிக் கணக்கு முக்கியமா, செலவு முக்கியமா?' என்று கேட்டால் பதில் மனநிலையைப் பொறுத்து வரும். 'துணிக் கணக்கு 60-லிருந்து 90-க்கு உயர 5 ஆண்டில் எத்தனை லட்சம் கூடுதலாகக் கொடுப்பீர்கள்?' என்று கேட்டால் பதில் தொழிலிலிருந்து வரும்.

அதற்கு 60 என்றால் என்ன, 90 என்றால் என்ன என்பது முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெண்டர் தன் மாதிரித் தரவில் காட்டும் டெமோவை வைத்து அதைச் சொல்ல முடியாது. அந்தத் தரவில் சாயப்பட்டறை எப்போதும் சரியான எடையில் துணியைத் திருப்பித் தரும். நம்முடைய பழைய ஆர்டர் ஒன்றைக் கொடுத்து, நம் முன்னாலேயே ஏற்றச் சொல்ல வேண்டும். ஓர் ஆர்டருக்கு கிரே துணி இரண்டு சலானில் சாயப்பட்டறைக்குப் போகிறது, முதல் சலானில் 1,000 கிலோ, இரண்டாவதில் 800. ஒப்புக்கொண்ட கழிவு நூற்றுக்கு 4. முதல் சலானுக்கு 955 கிலோவும் இரண்டாவதற்கு 780 கிலோவும் திரும்புகின்றன. பார்ட்டி வாரியாகக் கூட்டினால் 1,800-க்கு 65 கிலோ குறைவு, அதாவது 3.6 சதவீதம், வரம்புக்குள்தான் இருக்கிறது. சலான் வாரியாகப் பார்த்தால் முதல் சலானில் 45 கிலோ குறைகிறது. 40 கிலோவுக்கு மேல் போன அந்த 5 கிலோவைப் பட்டறையிடம் கேட்டாக வேண்டும்.

இதை ஏற்றியபோது பார்ட்டி மொத்தம் மட்டும் காட்டும் மென்பொருளுக்கு 40. சலான் வாரியாகக் கணக்கு வைத்திருந்தும், யாராவது மாதக் கடைசியில் அறிக்கை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றால் 60. பட்டறையின் பில்லை ஏற்றும்போதே '5 கிலோ அதிகக் கழிவு' என்று நிறுத்தி, டெபிட் நோட் போடச் சொல்வதற்கு 90. இப்படி எழுதிவைத்த பிறகு மதிப்பெண் போடுவதில் சண்டை அதிகம் வராது. மதிப்பெண்ணை ஸ்டோர்காரர், மெர்ச்சண்டைசர், கணக்கர் ஆகிய மூவரும் தனித்தனியே எழுதிய பிறகே ஒன்றாக உட்கார வேண்டும். ஸ்டோர்காரர் 40 போட்டு மெர்ச்சண்டைசர் 90 போட்டிருந்தால் சராசரி 65 என்று எழுதி நகரக் கூடாது. ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்கவில்லை என்றே அதற்கு அர்த்தம். மறுபடி ஏற்றிக் காட்டச் சொல்லலாம்.

இப்போது ரூபாய்க் கேள்விக்குப் பதில் தேடலாம். கம்பெனி மாதம் 20,000 கிலோ துணி சாயத்துக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசி அறிக்கையில் தப்பி, பில் நேரத்தில் பிடிபடக்கூடிய அதிகக் கழிவு அரை சதவீதம் என்றால் மாதம் 100 கிலோ. கிலோ 400 ரூபாய் என்றால் மாதம் 40,000, ஆண்டுக்கு 4.8 லட்சம், 5 ஆண்டுக்கு 24 லட்சம். ஆக, அந்த 30 மதிப்பெண்ணின் விலை 24 லட்சம். நட்டுவைத்த கோலில் 24 லட்சம் என்பது செலவில் 60 மதிப்பெண். 30 மதிப்பெண்ணும் 60 மதிப்பெண்ணும் சமமாக வேண்டுமானால் துணிக் கணக்கின் எடை செலவின் எடையைப்போல் இரு மடங்காக இருக்க வேண்டும். மற்ற இரண்டு எடைகளை அப்படியே விட்டு, இந்த இரண்டுக்கும் உள்ள 65-ஐ 43, 22 என்று பிரித்தால் கணக்கு சரியாகும். இப்போது மொத்தம்: அ 63.45, ஆ 63.95.

கிட்டத்தட்ட சமம். அரைப் புள்ளியை வைத்து ஆ-வுக்கு ஆர்டர் கொடுப்பது நியாயமாகாது. பழுது நேரத்து உதவிக்கு ஆ வாங்கிய 60-ஐ யாராவது 55 என்று எழுதியிருந்தால் அந்த முன்னிலை அப்போதே போயிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு எதிர்ப்பு நியாயமாக எழலாம். எடைக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா? உளவியலாளர் ராபின் டாஸ் 1979-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பல சூழல்களில் எல்லா அளவுகோலுக்கும் சம எடை போட்டாலே கணிப்பு நன்றாக வருகிறது, நிபுணரின் மொத்த மதிப்பீட்டைவிட அது மேலானது என்று காட்டினார். அதை மதிக்க வேண்டும். மனம்போனபடி போட்ட எடையைவிடச் சம எடை பல நேரம் மேல். ஆனால் அந்த வாதம் வலுவாக நிற்பது அளவுகோல்கள் ஒரே திசையில் போகும் இடங்களில். பள்ளியில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குபவர் பெரும்பாலும் அறிவியலிலும் வாங்குவார், எந்தப் பாடத்துக்கு எடை கூட்டினாலும் வரிசை பெரிதாக மாறாது. மென்பொருள் கொள்முதலில் தரமும் விலையும் எதிரெதிராகவே போகும். நம் முதல் அட்டவணைக்கே சம எடை போட்டுப் பார்த்தால் அ 67.9, ஆ 67.5, இ 67.5 என்று வருகிறது. மூவரும் ஒன்று என்று சொல்லும் அட்டவணையால் பயனில்லை. சாட்டியின் முறை எடைகளில் முரண் இருக்கிறதா என்று பரிசோதித்துச் சொல்லும். அது நல்ல வசதி. ஆனால் நான்கு அளவுகோலுக்கு 6 ஒப்பீடு போதும் என்றால், எட்டுக்கு 28 வேண்டும். அவ்வளவு செய்தும் 'எத்தனை லட்சம்?' என்ற கேள்வியை அது கேட்பதில்லை. மூன்று கொட்டேஷனுக்கு, ரூபாயில் எடை கேட்பதே போதுமானது, சரியானதும்கூட.

சமநிலைக்கு வந்த அட்டவணையைத் திருப்பிப் படித்தால் அது இன்னொன்றையும் சொல்லும். துணிக் கணக்கின் எடை 42.3 ஆகும்போது அ-வும் ஆ-வும் சரிசமம். அதை ரூபாய்க்கு மாற்றினால் 22.4 லட்சம், அதைத் துணிக்கு மாற்றினால் 0.47 சதவீதம். தப்பிப்போகும் அதிகக் கழிவு நூறு கிலோவுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கீழே என்ற கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் இந்தத் தேர்வின் உண்மையான கேள்வி. 0.3 சதவீதம் என்றால் அ, 0.6 என்றால் ஆ. இதற்கு மேலும் கூட்டம் போட்டு எடையைப் பற்றி விவாதிப்பதில் பயனில்லை.

அந்த எண் கம்பெனியிடமே இருக்கிறது. கடந்த ஓராண்டின் சாயப்பட்டறைச் சலான்களையும், துணி திரும்பியபோது போட்ட எடைச்சீட்டுகளையும், டெபிட் நோட்டுகளையும் எடுத்து வைத்து, சலான் ஒவ்வொன்றிலும் ஒப்புக்கொண்ட கழிவுக்கு மேல் போனது எவ்வளவு, அதில் கேட்டு வாங்கியது எவ்வளவு, கேட்காமல் விட்டது எவ்வளவு என்று கூட்ட வேண்டும். நிறம் வாரியாகவும் பிரித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அடர் நிறத்துக்கும் வெளிர் நிறத்துக்கும் கழிவு ஒன்றாக இருக்காது. ஒரே 4 சதவீதத்தை எல்லாவற்றுக்கும் வைத்தால் கணக்கு தவறிப்போகும். விடுபட்ட கழிவு முழுவதையும் மென்பொருள் பிடித்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. பில் போடும்போதே அதிகக் கழிவு தெரிந்தும், பட்டறையோடு உள்ள உறவுக்காக விட்டுக்கொடுத்த சலான்கள் இருக்கும். அவற்றை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, ஆகவே கூட்டலிலிருந்து கழித்துவிட வேண்டும். ஸ்டோர்காரரும் கணக்கரும் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை இது. முடியும்வரை அ-வையும் ஆ-வையும் காத்திருக்கச் சொல்லலாம். கொட்டேஷனின் செல்லுபடிக் காலம் முடிவதற்குள் எண் கையில் இருந்தால் போதும்.